சரக்கு எப்போது, பில் எப்போது: ஒரு மளிகைக் கடையின் மாதத்தை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தால்

"மாசக் கடைசியில வியாபாரம் டல்" என்று சொல்லாத மளிகைக் கடைக்காரர் இல்லை. ஆனால் மாதச் சம்பளக்காரர்கள் குடியிருக்கும் பகுதியில் ஒரு கடையின் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். 20ஆம் தேதிக்கு மேலும் எண்ணெய் போகிறது, பருப்பு போகிறது, சோப்பு போகிறது. கல்லாவில் காசு மட்டும் விழுவதில்லை. "நோட்டுல எழுதிக்குங்க அண்ணாச்சி, ஒண்ணாம் தேதி தந்துடுறேன்" என்பதுதான் அந்த டல். சரக்கும் போய்விடும், அதற்கான காசும் வராது, ஆனால் அந்தச் சரக்கைக் கொடுத்தவருடைய பில் அதே வாரத்தில் வந்து நிற்கும்.

அதனால் மாதத்தைத் திட்டமிட உட்காரும்போது விற்பனையை வைத்துப் போடக் கூடாது, கையில் காசு வரும் தேதியை வைத்துப் போட வேண்டும். அரசு ஊழியர் சம்பளம் மாதத்தின் கடைசி வேலை நாளில் ஏறும். தனியார் சம்பளம் பெரும்பாலும் 7ஆம் தேதிக்குள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து 15ஆம் தேதி வாக்கில் வருகிறது. உங்கள் தெருவில் அதை வாங்கும் வீடுகள் நிறைய இருந்தால் 15, 16 தேதிகளில் கல்லா கொஞ்சம் நிமிர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் வாடிக்கையாளருக்கு எப்போது காசு வருகிறதோ அதற்குச் சற்றுப் பின்னால்தான் உங்களுக்கு வரும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மாதம் 6 லட்சம் விற்கும் கடை. சராசரி லாபம் 12 விழுக்காடு, அதாவது 72,000 ரூபாய். சரக்குக்கு மட்டும் 5,28,000 ரூபாய் போகிறது. அதில் பாதி அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. மீதிப் பாதி சோப்பு, பிஸ்கட், மசாலா, டீத்தூள் என்று ஏஜென்சி வண்டியில் வரும் கம்பெனிச் சரக்கு. மற்ற செலவுகள் இவை: 1ஆம் தேதி கடைப் பையனுக்குச் சம்பளம் 14,000, 5ஆம் தேதி வாடகை 12,000, 10ஆம் தேதி வங்கித் தவணை 8,500, 15ஆம் தேதி சீட்டு 5,000, வீட்டுச் செலவுக்கு வாரம் 6,000.

இவை மாதா மாதம் வருபவை, பழகிவிட்டவை. ஆளைக் கவிழ்ப்பவை வேறு இரண்டு. ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், நம் கணக்கில் 9,000. இன்னொன்று ஜி.எஸ்.டி. இந்தக் கடை காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர்கள் அதில் சேரலாம். வியாபாரி வரிக்குரிய விற்பனையில் 1 விழுக்காடு கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை CMP-08 படிவத்தில், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 18. நம் கடைக்கு அது 10,000 ரூபாய் என்று வைப்போம். ஜூலை 18தான் மோசமான தேதி. ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம் என்று வீடுகளே காலியாகியிருக்கும், நோட்டுக் கடன் வசூலாவதும் தள்ளிப் போயிருக்கும். ஜனவரி 18 அப்படியில்லை. பொங்கல் பச்சரிசியும் வெல்லமும் விற்ற காசு கையில் இருக்கும்.

(சாதாரண ஜி.எஸ்.டி.யில் இருந்துகொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் QRMP முறையைத் தேர்ந்தவர்களுக்கு, காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கான வரி அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் PMT-06 சலானில் போக வேண்டும். மாதத்திலேயே வறண்ட வாரம் அது. தாமதித்தால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி.)

இனி சரக்கு எடுப்பதில் மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி, மண்டியில் கேஷ். மாதக் கடைசியில், 28, 29 தேதிகளில், அரிசி பருப்பு வகையை மொத்தமாக ரொக்கம் கொடுத்து எடுத்துவிடுவது. கேஷ் ரேட்டில் ஒன்றரை விழுக்காடு குறையும் என்று வைப்போம். கம்பெனிச் சரக்கு வழக்கம்போல வாராவாரம்.

இரண்டாவது வழி, எல்லாமே வாராவாரம். ஏஜென்சி சேல்ஸ்மேன் தன் லைன் நாளில் வருவார், ஆர்டர் எடுப்பார், மறுநாள் வண்டி வரும், அடுத்த வாரம் வரும்போது போன வாரப் பில்லை வசூலிப்பார். அரிசி பருப்பையும் மொத்தக் கடையில் இதே போல வாரக் கடனில் எடுப்பது. பெரும்பாலான சிறிய கடைகள் இப்படித்தான் ஓடுகின்றன.

மூன்றாவது வழி, சரக்கு வரும் நாளையும் பில் கட்டும் நாளையும் பிரிப்பது. பெரிய பருப்பு, எண்ணெய் பில் ஒன்றை 26, 27 தேதியில் இறக்கி, 7ஆம் தேதி கட்டுவதாகப் பேசிக்கொள்வது. மூன்றாம், நான்காம் வாரங்களில் கட்ட வேண்டிய பில்கள் சிறியதாக இருக்கும்படி ஆர்டரைக் குறைப்பது.

கரண்ட் பில்லும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து விழும் ஜூலை மாதத்தை வைத்து மூன்றையும் ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு வாரக் கடைசியிலும் கையில் நிற்கும் தொகை இப்படி வருகிறது. கையிருப்பு பூஜ்யத்தில் தொடங்குகிறது. மண்டி வழியில் மட்டும் ஜூலைக்கான அரிசி பருப்பு வகைக்கு ஜூன் கடைசியிலேயே காசு கட்டியாகிவிட்டது.

| தேதி | வரவு | வாராவாரம் | தேதி பிரித்து | மண்டியில் கேஷ் |
|---|---|---|---|---|
| 1–7 | 2,40,000 | 76,000 | 8,000 | 1,42,000 |
| 8–14 | 1,40,000 | 69,500 | 5,500 | 2,01,500 |
| 15–21 | 1,20,000 | 27,500 | −14,500 | 2,25,500 |
| 22–31 | 1,00,000 | −10,500 | −10,500 | −10,500 |

மண்டி வரிசையில் கடைசி எண், அடுத்த மாதச் சரக்குக்கு 2,64,000 கொடுத்த பிறகு நிற்பது. கேஷ் தள்ளுபடியை இதில் சேர்க்கவில்லை, அது பிறகு வருகிறது.

கடைசி வரியைப் பாருங்கள். மூன்று வழியிலும் மாதம் ஒரே இடத்தில்தான் முடிகிறது. முடியத்தான் வேண்டும், வரவும் ஒன்று, செலவும் ஒன்று. சரக்கை எந்தத் தேதியில் எடுத்தாலும் லாபம் மாறப்போவதில்லை. மாறுவது நடுவில் யாருடைய பணம் எவ்வளவு உங்கள் கையில் நிற்கிறது என்பதுதான். கடை மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

வாராவாரம் எடுக்கும் முறையில் 7ஆம் தேதி கையில் 76,000 நிற்கிறது. பார்ப்பதற்கு லாபம் போலவே இருக்கும். அது லாபமில்லை, மூன்றாம் நான்காம் வாரப் பில்களுக்காக முதல் வாரத்திலேயே வந்துவிட்ட காசு. இதை 25ஆம் தேதி வரை தொடாமல் வைத்திருப்பவர் எத்தனை பேர்? முதல் வாரத்தில்தான் மைத்துனர் கைமாற்று கேட்பார், வீட்டில் வாஷிங் மெஷின் பேச்சு வரும், சேல்ஸ்மேனும் "பத்துப் பெட்டி எடுத்தா ஒரு பெட்டி ஃப்ரீ" என்பார். 20,000 எங்கேயாவது போனால் போதும், 22ஆம் தேதிக்கு மேல் பள்ளம் 30,000 ஆகிவிடும். இன்னொரு குறையும் உண்டு. வாரம் ஒரே அளவில் சரக்கு எடுத்தால், விற்பனை கூடும் 2, 3 தேதிகளில் துவரம்பருப்பு தீர்ந்து போகும், 24ஆம் தேதி அலமாரி பிதுங்கும்.

அந்தப் பள்ளத்தில்தான் தண்டல் வருகிறது. 10,000 கேட்டால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள், நாளுக்கு 100 வீதம் 100 நாள். "பதினஞ்சு பர்சென்ட்தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறீர்கள், சராசரியாகப் பாதிப் பணம்தான் உங்களிடம் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 விழுக்காட்டுக்குக் கிட்ட வருகிறது. 12 விழுக்காடு லாபத்தில் ஓடும் கடை அதைத் தாங்காது.

தேதி பிரிக்கும் வழியில் கையில் பெரிய பணம் எந்த வாரமும் நிற்பதில்லை, 8,000, 5,500 அவ்வளவுதான். முதல் வாரக் காசு வந்த கையோடு 7ஆம் தேதி பில்லுக்குப் போய்விடுகிறது. பள்ளம் விழுவது மூன்றாம் வாரத்தில், அதுவும் கரண்ட் பில்லும் ஜி.எஸ்.டி.யும் சேரும் மாதத்தில் மட்டும். சாதாரண மாதத்தில் இதே கணக்கு 4,500 மீதியோடு அந்த வாரத்தைக் கடந்து, கடைசியில் 8,500-இல் முடியும்.

ஆக, அடைக்க வேண்டியது அந்த இரண்டு பில்களை மட்டும்தான். 9,000-ஐ இரண்டு மாதத்துக்கும் 10,000-ஐ மூன்று மாதத்துக்கும் பிரித்தால் மாதம் 7,833 ரூபாய், நாளுக்கு 260 ரூபாய் சொச்சம். தினமும் கடை சாத்தும்போது 270 ரூபாயைக் கடைக் கணக்கிலிருந்து வேறொரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிட்டால் போதும். மாதம் ஒருமுறை 8,000 எடுத்து வைக்கிறேன் என்பது நடக்காது, 270 நடக்கும். கல்லாவிலேயே தனி டப்பாவில் போடுவதும் சரிப்படாது, சில்லறை கேட்டு வரும் முதல் ஆளுக்கே அந்த டப்பா திறந்துவிடும்.

சரி, சரக்கு கொடுப்பவர் 7ஆம் தேதி வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இங்கேதான் மாதக் கடைசி உங்களுக்கு உதவுகிறது. 25ஆம் தேதிக்கு மேல் சேல்ஸ்மேனுக்கு டார்கெட் நெருக்கடி. இன்னும் ஒரு லட்சம் பில் போட்டால்தான் அவருக்கு இன்சென்டிவ் என்ற நிலையில் எல்லாக் கடையும் "காசு இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவர் ஸ்கீம் காட்டுவார். ஸ்கீமைக் கேட்காதீர்கள், நாள் கேளுங்கள். "ஃப்ரீ பீஸ் வேண்டாம் தம்பி, பில்லை இன்னைக்கே போட்டுக்கோ, செக் ஏழாம் தேதிக்குத் தர்றேன்" என்றால் பெரும்பாலும் நடக்கும். அவருக்கு வேண்டியது இந்த மாதத் தேதியில் ஒரு பில். உங்களுக்கு வேண்டியது அடுத்த மாதத் தேதியில் ஒரு கட்டணம். அரிசி, பருப்பு மொத்தக் கடைக்காரரிடம் டார்கெட் கிடையாது, அங்கே பேசுவது நாணயம் மட்டும்தான். நாலைந்து மாதம் சொன்ன தேதியில் கட்டிய பிறகு கேட்டால் பத்து நாள் தருவார்.

ஒரு எச்சரிக்கை. பின்தேதியிட்ட செக் கொடுத்துவிட்டு, "போட்டாலும் கிளியர் ஆக மறுநாள் ஆகும், அதுக்குள்ள போட்டுடலாம்" என்று இருந்த பழக்கம் இனி செல்லாது. ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 4 முதல் செக்குகளை நாள் முழுக்கத் தொடர்ச்சியாகக் கிளியர் செய்யும் முறைக்கு மாறிவிட்டது. காலையில் போட்ட செக்குக்கு அன்றே பணம் கேட்பார்கள். 7ஆம் தேதி செக் என்றால் 6ஆம் தேதி இரவே கணக்கில் பணம் இருக்க வேண்டும். செக் திரும்பினால் வங்கி பிடிக்கும் கட்டணம் ஒரு பக்கம், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் நோட்டீஸ் வரும் வாய்ப்பு ஒரு பக்கம். அதையெல்லாம் விட, அந்த ஏஜென்சி உங்களை "கேஷ் பார்ட்டி" என்று எழுதிக்கொள்ளும். அப்புறம் இந்த முறையே உங்களுக்கு இல்லை. அதனால் 7ஆம் தேதி பில்லின் அளவை, உங்கள் முதல் வார வரவில் மோசமான மாதம் எதுவோ அதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நம் கணக்கில் அந்தப் பில் 1,50,000. முதல் வார வரவு 2,40,000-இலிருந்து இரண்டு லட்சமாகக் குறைந்தாலும் சம்பளம், வாடகை, வீட்டுச் செலவு போக அந்தப் பில்லைக் கட்டிவிடலாம். இடிப்பது அதே வாரத்தில் வரும் கம்பெனிச் சரக்குப் பில்லில்தான், அதை ஒரு வாரம் தள்ளச் சொல்லிக் கேட்க முடியும்.

இதே வேலையைக் கொஞ்சம் மற்ற தேதிகளிலும் செய்யலாம். தவணைத் தேதியை மாற்றித் தரச் சொல்லி வங்கியில் எழுதிக் கேட்கலாம். 20க்கு மேல் விழும் தவணை எதுவாக இருந்தாலும் 10ஆம் தேதிக்குள் கொண்டுவருவது நல்லது. சீட்டு சேரும்போதே ஏலத் தேதியைக் கேட்டுச் சேருங்கள், 25ஆம் தேதிச் சீட்டில் சேராதீர்கள்.

இனி மண்டி. இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், பலரும் நினைப்பதற்கு மாறாக இது சிலருக்கு உண்மையிலேயே லாபமான வழி. 2,64,000-க்கு ஒன்றரை விழுக்காடு என்றால் மாதம் 3,960 ரூபாய் மிச்சம். ஆனால் அதற்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம் வேண்டும், அதுவும் மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, 2,25,500 கையில் நிற்கும் 21ஆம் தேதியிலும் தொடாமல் இருக்க வேண்டும். மேலே 76,000-க்கே என்ன ஆகும் என்று பார்த்தோம்.

சொந்தப் பணம் இல்லாமல் சி.சி. லோனில், அதாவது ஒரு லிமிட்டுக்குள் வேண்டும்போது எடுத்து, வரும்போது கட்டிக்கொள்ளும் வங்கிக் கடனில், இதைச் செய்தால்? 28ஆம் தேதி சி.சி.யிலிருந்து 2,64,000 எடுத்து, வரும் காசையெல்லாம் அதிலேயே கட்டிக்கொண்டு வந்தால், பாக்கி முதல் வாரக் கடைசியில் 1,22,000 ஆகவும், இரண்டாம் வாரக் கடைசியில் 62,500 ஆகவும் இறங்கிவிடும். சி.சி.யில் அன்றன்று நிற்கும் பாக்கிக்குத்தான் வட்டி. 11 விழுக்காடு என்று வைத்தால் மாதம் 800, 850 ரூபாய். 3,960 மிச்சத்துக்கு 850 வட்டி என்பது நல்ல வியாபாரம்தான். 3 லட்சம் லிமிட் போதும். முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவு 5 லட்சம் வரை ஈடு இல்லாமல் தருவது இதற்குப் பொருந்தும்.

காகிதத்தில் இருக்கும் 3,100 ரூபாய் முழுதாகக் கைக்கு வராது. மொத்தக் கடைக்காரர் தன் வண்டியில் இறக்கித் தருவார், மண்டியில் நீங்கள்தான் குட்டியானை பிடிக்க வேண்டும். வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று 1,200 போனால் மிச்சம் 1,900. அடுத்து விலை. 300 கிலோ துவரம்பருப்பு எடுத்த பத்தாம் நாள் கிலோவுக்கு மூன்று ரூபாய் இறங்கினால் 900 போயிற்று. ஏறினால் 900 வரும்தான், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. மழைக்காலத்தில் ரவையும் மைதாவும் மொத்தமாக எடுத்தால் வண்டு தனிச் செலவு. அப்புறம் அந்த ஒன்றரை விழுக்காடு உண்மையா என்று பாருங்கள். கேஷ் பில்லையும் கடன் பில்லையும் ஒரே நாளில், ஒரே ரகத்துக்கு, மூட்டை எடையோடு சேர்த்து ஒப்பிட வேண்டும். அரிசியில் இது முக்கியம். 2022 ஜூலை 18-இலிருந்து 25 கிலோ வரை கட்டிய அரிசிப் பைக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்ததும், பல ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. பை விலையைப் பைவிலையோடு ஒப்பிட்டால் ஏமாறுவோம், கிலோ விலைதான் கணக்கு.

சி.சி. வழி கெடுவதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. 20ஆம் தேதி வாக்கில் சி.சி. பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். நம் கணக்கில் அது 40,000-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து 20ஆம் தேதியில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் நிற்கிறதென்றால், சி.சி. சரக்குக்குப் போகவில்லை, நோட்டுக் கடனுக்கோ வீட்டுக்கோ போகிறது. அந்த நிலையில் கேஷ் தள்ளுபடி வாங்குவதை நிறுத்திவிட்டுத் தேதி பிரிக்கும் முறைக்கு வந்துவிடுவதே நல்லது.

என் பரிந்துரை இப்படி. சி.சி. இல்லாத, நோட்டுக் கடன் உள்ள, மாதச் சம்பளப் பகுதிக் கடைக்கு மூன்றாவது வழிதான். ஆறு மாதம் அப்படி ஓட்டி, எல்லாப் பில்லும் தேதியில் போயிருந்தால், துவரம்பருப்பு, எண்ணெய் இரண்டுக்கு மட்டும் சி.சி. எடுத்து மண்டிக்குப் போய்ப் பார்க்கலாம். மெதுவாக நகரும் சரக்குக்கு ஒருபோதும் வேண்டாம். வறண்ட வாரத்தில் கடையில் கிடைக்கும் ஓய்வை, காலாவதி நெருங்கும் பிஸ்கட், மசாலாவைப் பொறுக்கி ஏஜென்சிக்குத் திருப்பக் கொடுக்கப் பயன்படுத்துங்கள். டார்கெட் வாரத்தில் ரிட்டர்ன் எடுக்க மாட்டேன் என்று சேல்ஸ்மேன் சொல்வது கடினம்.

வாரச் சம்பள ஊருக்கு இதெல்லாம் பொருந்தாது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பலவற்றில் சனிக்கிழமைதான் சம்பளம். அங்கே சனி மாலையும் ஞாயிறும் கல்லா நிறையும், புதன் வியாழன் வறளும், மாதக் கடைசி என்பது பெரிதாகத் தெரியாது. அப்படிப்பட்ட கடைக்கு வாராவாரம் சரக்கு, வாராவாரம் பில் என்ற இரண்டாவது வழியே சரியானது. சேல்ஸ்மேன்களிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும்: சரக்கு வெள்ளிக்கிழமை இறங்கட்டும், வசூல் திங்கட்கிழமை இருக்கட்டும்.